அபு குஸையின் மகள் விசா கேட்டுப் போன கதை

என் பெரியப்பாவின் உண்மையான பெயர் ஃபவ்வாஸ் என்பது இர்பித் ஊரில் அவருக்குக் கடன் கொடுத்த வங்கிக்கு மட்டும்தான் தெரியும். மற்ற எல்லோருக்கும் அவர் அபு குஸை, குஸையின் அப்பா. முதல் பையன் பிறந்த அன்றே எங்கள் ஊர் ஆண்களின் சொந்தப் பெயர் பெட்டிக்குள் போய்விடும். கடைப் பலகையிலும் அப்படித்தான்: ‘அபு குஸை தண்ணீர்த் தொட்டிகள், மோட்டார், குழாய்’. யாராவது கடை வாசலில் நின்று “அபு குஸை!” என்று கூப்பிட்டால் அவர் நிமிர்ந்து பார்ப்பார். பார்க்கும் அந்த ஒரு நொடியில் முகத்தில் ஏதோ ஒன்று வந்து போகும். ஒன்பது வருடமாக வந்து போகிறது. குஸை அமெரிக்காவுக்குப் படிக்கப் போய் ஒன்பது வருடம்.

“அவனுக்கு அங்க தங்கற பேப்பர் இன்னும் முடியல. முடிஞ்சதும் வந்துருவான். இந்தக் கோடைக்கு இல்லன்னா அடுத்த கோடைக்கு.” கேட்பவர்களுக்கெல்லாம் பெரியப்பா சொல்வது இதுதான். கேட்பதை ஊர் எப்போதோ விட்டுவிட்டது. அவர்தான் யாரும் கேட்காமலே சொல்லிக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு மேல் குஸைக்கென்று ஒரு மாடி எழுப்பி, சுவர் மட்டும் வைத்து நிறுத்தியிருந்தார். பையன் வந்து, பெண் பார்த்து, தரைக்கு என்ன கல் போடுவது என்று மருமகள் சொன்ன பிறகுதான் மிச்ச வேலை. ஆனால் அந்த மாடிக்கான தண்ணீர்த் தொட்டியை மட்டும் அப்போதே கூரையில் ஏற்றிவிட்டார். எங்கள் தெருவில் வாரத்துக்கு ஒரு நாள்தான் தண்ணீர் வரும். அன்றைக்கு ஊரே துவைக்கும், குளிக்கும், படி கழுவும், சண்டை போடும். பெரியப்பா கூரைக்கு ஏறி முதலில் தங்கள் தொட்டியை நிரப்புவார். பிறகு யாரும் குடியில்லாத வீட்டின் தொட்டியையும் நிரப்புவார்.

“ஆள் இல்லாத வீட்டுக்கு எதுக்குங்க தண்ணி?” என்று பெரியம்மா கீழிருந்து கத்துவாள்.

“காலியா விட்டா வெயில்ல வெடிச்சுரும்.”

தொட்டி விற்பவர் சொல்வதை மறுத்துப் பேச எங்களில் யாருக்கும் தெம்பு கிடையாது. போன வாரத்துத் தண்ணீரை எடுத்துப் படியில் இருக்கும் எலுமிச்சைக்கு ஊற்றிவிட்டு, புதுத் தண்ணீர் பிடிப்பார். அந்த எலுமிச்சை மாதிரி செழிப்பான மரம் எங்கள் தெருவில் கிடையாது.

இந்தக் கூரையைப் பார்த்து வளர்ந்தவள்தான் அவருடைய மகள் சிவார். தண்ணீர் வாரியத்தில் பொறியாளர். நிலத்தடி நீர் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று கணக்கெடுப்பது அவள் வேலை. மேல்படிப்புக்கு அரிசோனாவில் இடம் கிடைத்தது. படிப்புக் கட்டணத்தைப் பல்கலைக்கழகமே விட்டுக்கொடுக்கிறது. ஆய்வு உதவியாளராக வேலை பார்த்தால் சம்பளமும் உண்டு. அது போதாத மிச்சத்தை அப்பா தர வேண்டும். இவ்வளவும் கைக்கு வந்த பிறகும் குறுக்கே நின்றது ஒன்றே ஒன்றுதான், தலைநகர் அம்மானில் அமெரிக்கத் தூதரகத்தில் விசாவுக்குக் கேள்வி கேட்கும் ஒரு கண்ணாடி ஜன்னல்.

அந்த ஜன்னல் விஷயத்தில் எங்கள் குடும்பத்தில் நான்தான் அனுபவசாலி. போன வருடம் அங்கே போய், மறுக்கப்பட்டு, பாஸ்போர்ட்டையும் ஒரு துண்டுச் சீட்டையும் வாங்கிக்கொண்டு திரும்பியவள் நான். ‘திரும்பி வருவீர்கள் என்று எங்களுக்குத் தோன்றும்படி நீங்கள் காட்டவில்லை’ என்பதுதான் அந்தச் சீட்டின் சாரம். எதைக் காட்டுவது? கல்வி ஆலோசகர் எழுதிக் கொடுத்த பத்தியை மூச்சு விடாமல் ஒப்பித்தேன். அந்த அதிகாரி நடுவில் நிறுத்தி, “அதெல்லாம் சரி, நீங்க ஏன் இதைப் படிக்கணும்?” என்று கேட்டான். நான் பத்தியை மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன். பள்ளிக்கூட விழாவில் பாட்டு மறந்த பிள்ளை கூட அதைவிட நன்றாகச் சமாளித்திருக்கும்.

அதே ஆலோசகரிடம்தான் சிவாரும் போயிருந்தாள். ஊரில் இருப்பவர் அவர் ஒருவர்தான், என்ன செய்வது? விண்ணப்பத்தைக் கணினியில் அவரே நிரப்பிக் கொடுத்து, “படிச்சுப் பாத்துட்டு அனுப்பிரும்மா” என்று சொல்லியிருந்தார். அவள் இன்னும் அனுப்பவில்லை. அதற்கு முன்னால் ஒரு ஒத்திகை வேண்டும் என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன்.

கடையை மூடிய பிறகு ஒத்திகை. பெரியப்பாவின் கல்லா மேசைக்குப் பின்னால் நான் அதிகாரி. எதிரே சிவார், நின்றபடி. அங்கே யாரும் நாற்காலி போட மாட்டார்கள். பெரியப்பா கவிழ்த்துப் போட்ட ஒரு சின்னத் தொட்டியின் மேல் உட்கார்ந்திருந்தார். பெரியம்மா சேஜ் இலை போட்ட டீயை ஆளுக்கொரு கிளாஸ் ஊற்றினாள்.

“அதிகாரிக்குச் சர்க்கரை தூக்கலா வேணும்,” என்றேன்.

“லஞ்சம் வாங்காத அதிகாரியா ஒரு நாளாவது இருடி ரனீம்,” என்றாள் சிவார்.

“சரி. ஏன் அரிசோனா?”

“உங்கள் நாட்டின் உலகத்தரம் வாய்ந்த கல்வியின் மேல் நான் கொண்ட...”

“நிறுத்து. போன வருஷம் நான் விழுந்த குழி இது. எட்டிப் பாக்காத. உன் வாயால சொல்லு.”

அவள் டீயைக் கீழே வைத்தாள். “அங்கயும் தண்ணி இல்ல. மழை இல்ல, நிலத்தடி நீர் இறங்கிட்டே போகுது. நம்மள மாதிரியே. ஆனா அவங்க வருஷக்கணக்கா அளந்து வெச்சிருக்காங்க. வெயில்ல காஞ்ச ஊருக்கு வேண்டியதை இன்னொரு காஞ்ச ஊர்லதானே கத்துக்க முடியும்?”

“இதைத்தான் சொல்லணும். இவ்வளவுதான் சொல்லணும். யார் பணம்?”

“கட்டணம் கிடையாது. உதவியாளர் சம்பளம் இருக்கு. குறையறதுக்கு அப்பா.”

“அப்பா கணக்குல போன வாரம் திடீர்னு பெருசா ஏறியிருக்கே, அது?”

சிவார் தன் அப்பாவைப் பார்த்தாள். அவர் தொண்டையைக் கனைத்தார். “ஆலோசகர்தான் சொன்னாரு. கணக்கு கொஞ்சம் குண்டாத் தெரியணுமாம். மச்சான்கிட்ட வாங்கிப் போட்டேன். விசா வந்ததும் திருப்பிரலாம்னு...”

“பெரியப்பா, பல்கலைக்கழகம் குடுத்த படிவத்துலயே எவ்வளவு தேவைன்னு எழுதியிருக்கு. கடை வருமானமே அதுக்குத் தாங்கும். குண்டான கணக்கைப் பாத்தா, எங்க சாப்பிட்டதுன்னு கேப்பாங்க. அப்போ மச்சானைக் கூட்டிட்டுப் போவீங்களா?”

அவர் சிரித்துவிட்டார். மறுநாளே அந்தப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். மறுபேச்சு பேசாமல் கேட்கிற மனுஷன். அதனால்தான் அடுத்ததைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. ஆனாலும் கேட்டேன். என் கையில் கடை உரிமத்தோடு வைக்கிற புகைப்படம் இருந்தது. அப்பாவின் வருமானத்துக்குச் சான்று. படத்தில் கடை வாசல், அதற்கு மேலே பலகை.

“இது உங்க அப்பா கடையா?”

“ஆமா.”

“பேரு அபு குஸைன்னு போட்டிருக்கு. குஸை யாரு?”

சிவார் படத்தைக் கையில் வாங்கிப் பார்த்தாள்.

“ஏன்னா, விண்ணப்பத்துல கூடப்பிறந்தவங்க யாரும் அமெரிக்காவுல இல்லன்னு பதில் குடுத்திருக்கீங்க.”

அந்தக் கேள்விக்கு ‘இல்லை’ என்று குறித்தது ஆலோசகர். ‘அண்ணன் போய்த் திரும்பலன்னு தெரிஞ்சா தங்கச்சிக்கு எப்படிக் குடுப்பான்? அவன் பேச்சையே எடுக்காதீங்க’ என்று அவர் சொன்னாராம். மற்ற ஊர்க்காரர்களுக்கு அது ஓடலாம். எங்கள் ஊரில் மகனை மறைக்க வேண்டுமென்றால் முதலில் அப்பனின் பெயரை மறைக்க வேண்டும். அது ஒருத்தருக்கும் உறைக்கவில்லை.

“பலகை தெரியாம வேற போட்டோ எடுத்துக்கலாம்,” என்றார் பெரியப்பா, எங்கோ பார்த்துக்கொண்டு.

பெரியம்மா டீ கெட்டிலை ‘ணங்’கென்று வைத்தாள். “பெத்த பிள்ளையை இல்லன்னு எழுதி அனுப்பணுமா? அப்படி ஒரு படிப்பு எனக்கு வேணாம்.”

“பொய்யின்னு தெரிஞ்சா இந்தத் தடவை மட்டும் இல்ல பெரியம்மா, எப்பவுமே உள்ள விடாமப் போகலாம். கீழ கையெழுத்து போடறது ஆலோசகர் இல்ல, இவ. அவன் பேரு அவங்க கணினியில ஏற்கெனவே இருக்கும்.”

“அப்போ உண்மையவே எழுதறேன்,” என்றாள் சிவார். கணினியைத் திறந்து ‘ஆம்’ என்று மாற்றினாள். மாற்றியதும் புதுக் கேள்விகள் முளைத்தன. பெயர், உறவுமுறை, அங்கே அவர் நிலை என்ன: குடிமகனா, நிரந்தரமாக வசிப்பவரா, தற்காலிகமாகத் தங்கியிருப்பவரா, வேறா, தெரியாதா?

“தெரியாதுன்னு போடு,” என்றார் பெரியப்பா. “பேப்பர் இன்னும் முடியலயே.”

“தெரிஞ்சுக்க முடியற விஷயத்தைத் தெரியாதுன்னு எப்படிப்பா போடறது? போன் இருக்கு. கேட்டுருவோம்.”

அங்கே காலை நேரம். குஸை உடனே எடுத்தான். ஸ்பீக்கரில் அவன் குரல் தொட்டிகளுக்கு நடுவே மோதி, இரண்டு குஸை பேசுகிற மாதிரி கேட்டது. அவன் தங்கையைக் கேலி பண்ணினான், அம்மாவிடம் என்ன சமையல் என்று விசாரித்தான். சிவார் கேள்வியைப் படித்துக் காட்டினாள்.



“அண்ணா? கேக்குதா? உன்னை என்னன்னு எழுதட்டும்?”

“தெரியாதுன்னு எழுதேன்.”

“எனக்குத் தெரியாது. உனக்குத் தெரியுமில்ல?”

பின்னால் ஏதோ வண்டி ஹார்ன் அடித்தது. பிறகு அவன் மெதுவாகச் சொன்னான். “குடிமகன்னு எழுது.”

“எப்போலேர்ந்து?”

“மூணு வருஷமாச்சு.”

பெரியப்பா எழுந்து வந்தார். எங்கள் பக்கம் அப்பா பிள்ளையை ‘யாபா’ என்பார், பிள்ளையும் அப்பாவை ‘யாபா’ என்பான். கூப்பிடுகிறவருக்கும் கூப்பிடப்படுகிறவருக்கும் ஒரே சொல்.

“யாபா,” என்றார். “அப்போ உனக்குப் பேப்பர் முடிஞ்சிருச்சு.”

“முடிஞ்சிருச்சு, யாபா.”

“நீ வரலாம். யாரும் தடுக்க மாட்டாங்க.”

“வரலாம், யாபா.” அவன் குரல் உடைந்தது. “படிப்பைப் பாதியில விட்டேன். மொதல்ல பேப்பர் இல்ல. பேப்பர் வந்தப்போ உங்க முன்னால வந்து நிக்க முகம் இல்ல. ஒவ்வொரு கோடைக்கும் டிக்கெட் விலையப் பாப்பேன். மூடிருவேன்.”

பெரியப்பா தலையை ஆட்டினார். போனில் அது தெரியாது என்பது அவருக்குத் தோன்றவில்லை. திரும்பி, “எழுது” என்று சிவாரிடம் சொல்லிவிட்டு வெளியே போய் நின்றார்.

எனக்கு ஆத்திரமாக வந்தது. ஒன்பது வருடம் ஒரு மனுஷன் அரசாங்கத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டு நிம்மதியாகக் காத்திருந்தார். விண்ணப்பத்தின் ஒரு கட்டம் அதையும் பிடுங்கிக்கொண்டது. சிவார் மிச்சத்தையும் கேட்டு முடித்தாள்: யாராவது அவள் பேரில் குடியேற்ற மனு போட்டிருக்கிறார்களா? இல்லை என்றான் குஸை. எல்லாவற்றையும் உள்ளபடி நிரப்பி அனுப்பினாள். பெரியம்மா தலைத்துணியின் நுனியால் கண்ணைத் துடைத்தாள். கெட்டிலை எடுத்து, யாரும் கேட்காமலே எல்லோருக்கும் இன்னொரு டீ ஊற்றினாள்.

அதற்குப் பின் வந்த தண்ணீர் நாளில் நான் மாடிக்குப் போய்ப் பார்த்தேன். காரணம் எதுவும் மிச்சமில்லாத அந்தத் தொட்டியைப் பெரியப்பா நிரப்பிக்கொண்டுதான் இருந்தார்.

நேர்காணலுக்கு அவருடைய பிக்கப் வண்டியில் மூவரும் போனோம். தூதரகம் இருக்கும் அப்தூனில் உயரமான சுவர்கள். விண்ணப்பித்தவருக்கு மட்டும்தான் உள்ளே அனுமதி, போன் கூடாது. சிவார் போனை என்னிடம் கொடுத்துவிட்டு, கோப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வரிசையில் நுழைந்தாள். “சின்னதாப் பேசு. கேட்டதுக்கு மட்டும்,” என்று கத்தினேன். அவள் திரும்பாமலே கையைக் காட்டினாள்.

நாங்கள் காபி வண்டிக்காரன் பக்கம் ஒதுங்கினோம். ஏலக்காய் போட்ட காபியைக் காகிதக் கோப்பையில் ஊற்றிக்கொண்டே அவன் பேச்சுக் கொடுத்தான். அந்த இடத்தில் கடை போட்டவனுக்கு எல்லோர் முகமும் புரியும்.

“மகனா உள்ள?”

“மகள்.”

“அல்லாஹ் நல்லதே தருவான். உங்களை என்னன்னு கூப்பிட, அபு...?”

ஒரு நொடிதான். பெரியப்பா காபியைப் பார்த்தார்.

“அபு சிவார்,” என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மகன் இருக்கிறவன் மகள் பெயரைச் சொல்ல மாட்டான். அவர் என்னைப் பார்க்கவில்லை.

வெயில் ஏறிய பிறகு சிவார் வெளியே வந்தாள். கையில் கோப்பு மட்டும் இருந்தது. பாஸ்போர்ட் இல்லை. பாஸ்போர்ட்டோடு திரும்பியவள் நான். இல்லாமல் வந்தால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். ஓடிப் போய்க் கட்டிக்கொண்டேன்.

“குடுத்துட்டாங்களா?” பெரியப்பாவின் குரல் எழும்பவே இல்லை.

“குடுத்துட்டாங்க யாபா. பாஸ்போர்ட்டை வெச்சுக்கிட்டாங்க. விசா ஒட்டித் தருவாங்களாம்.”

“என்ன கேட்டாங்க?”

“ரனீம் கேட்டதுதான். அந்தம்மா இவளை விடக் கொஞ்சம் மரியாதையாக் கேட்டாங்க.” என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள். “ஏன் அரிசோனா, அண்ணன் இருக்கற மிச்சிகன்ல இல்லாமன்னாங்க. மிச்சிகன்ல ஏரி ஏரியா தண்ணி, அங்க எனக்கு என்ன வேலைன்னேன். சிரிச்சாங்க. யார் பணம், அப்பா என்ன பண்றார்னு கேட்டாங்க. காகிதத்தைப் பெருசாப் பாக்கக்கூட இல்ல. வாரியத்துல சம்பளமில்லா விடுப்பு குடுத்திருக்காங்க, முடிச்சுட்டு அதே நாற்காலிக்கு வரணும்னு சொன்னேன்.”

“அவ்வளவுதானா?”

சிவார் தயங்கினாள். “உங்க அண்ணன் படிக்க வந்து திரும்பல. நீங்க மட்டும் திரும்புவீங்கன்னு நான் எப்படி எடுத்துக்கறதுன்னு கேட்டாங்க.”

“என்ன சொன்ன?”

அதற்கு நாங்கள் ஒத்திகை பார்க்கவில்லை. பார்க்க எங்களுக்குத் தைரியம் இல்லை.

“எங்க வீட்டுக் கூரையில யாரும் குடியில்லாத மாடிக்கு ஒரு தொட்டி இருக்கு. தண்ணி வர்ற நாள்லயெல்லாம் எங்க அப்பா அதை நிரப்பறார், அண்ணன் வந்தா வேணுமேன்னு. நான் ஒன்பது வருஷமா பாத்துட்டிருக்கேன். கூரையில அந்த மாதிரி இன்னொரு தொட்டிக்கு இடமில்லன்னேன்.”

வெயிலில் வெடித்துவிடும் என்ற கதையை நாங்கள் யாரும் நம்பியதில்லை என்று இப்போது தெரிந்துவிட்டது. அவர் மகளின் தலைத்துணியைச் சரிசெய்வதுபோல நெற்றியைத் தொட்டுக்கொண்டு நின்றார்.

காபிக்காரன் எங்கள் முகங்களைப் பார்த்து விஷயத்தைப் புரிந்துகொண்டான். தட்டைத் தூக்கி ஆட்டி, தெரு முழுக்கக் கேட்க வாழ்த்தினான்.

“மப்ரூக், அபு சிவார்! மப்ரூக்!”

பெரியப்பா நிமிர்ந்து பார்த்தார். அந்த ஒரு நொடியில், கடை வாசலில் அவர் முகத்தில் வந்து போகுமே, அதே ஒன்று வந்தது. மகள் இன்னும் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தாள். அதற்குள் வந்துவிட்டது. சிவாரும் அதைப் பார்த்தாள். அவள் கண் நிறைந்தது.

பெரியப்பா காபி வண்டிக்கு நடந்து போனார். காசைக் கொடுத்து, அவன் தோளில் தட்டி, எங்களுக்கும் கேட்கும்படி சொன்னார்.

“என் பேரு அபு குஸை தம்பி. முன்னால தப்பாச் சொல்லிட்டேன்.”

பிறகு திரும்பி வந்து, வண்டிச் சாவியைத் தேடுகிற சாக்கில் சட்டைப்பையைத் தடவிக்கொண்டே மகளிடம் சொன்னார்.

“காத்திருக்க ஒரு பேரு போதும், யாபா. உன் பேரை நீ திரும்பி வந்தப்புறம் வெச்சுக்கறேன்.”